பகல் தூக்கத்தில் மூன்று பேர் கூப்பிட்டால் மட்டும் ஐபோன் அடிக்க வேண்டும், ஃபோகஸில் எப்படி அமைப்பது?

இரவுப்பணி மதி

வணக்கம் நண்பர்களே. சோழிங்கநல்லூரில் ஐடி வேலை, அமெரிக்க ஷிப்ட். திங்கள் முதல் வெள்ளி வரை சாயங்காலம் 6.30-க்கு உட்கார்ந்தால் விடிகாலை 3.30-க்குத்தான் எழுந்திருப்பேன். கேப் பிடித்து வீடு வந்து படுக்க 4.30 ஆகிவிடும். 11.30 வரை தூங்கினால்தான் அடுத்த ராத்திரி தாங்கும்.

ஆனால் ஊரே விழித்திருக்கும் நேரம் அது. லோன் வேண்டுமா என்று ஒரு கால், கொரியர்காரர் ஒரு கால், அப்பார்ட்மென்ட் வாட்ஸாப் குழுவில் தண்ணி லாரி பஞ்சாயத்து. போனை ஆஃப் செய்துவிட்டுப் படுக்கவும் முடியாது. அப்பாவுக்கு ஆஞ்சியோ செய்து கொஞ்ச காலம்தான் ஆகிறது, கும்பகோணத்தில் அம்மா மட்டும்தான் கூட இருக்கிறார். பையனை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு மனைவி ஆபீஸ் போய்விடுவாள். வேன் அண்ணன் ஏதாவது என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்.

ஆக அம்மா, மனைவி, வேன் அண்ணன் மூன்று பேருக்கும் போன் அடிக்க வேண்டும், அம்மாவும் மனைவியும் அனுப்பும் வாட்ஸாப் மெசேஜும் வர வேண்டும். வேறு யாருக்கும் மூச்சு விடக்கூடாது. 4.30-லிருந்து 11.30 வரை மட்டும். ஐபோன் 13, iOS 18. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

கோவை கவின்

ப்ரோ இது ரொம்ப சிம்பிள். போன் ஆப்பில் மூன்று பேரையும் Favorites-ல் போடுங்க. Settings > Focus > Do Not Disturb போய் Favorites-க்கு மட்டும் கால் அனுமதி கொடுங்க. வாட்ஸாப் வேணும்னா அதே இடத்தில் Apps-க்குள்ள வாட்ஸாப்பைச் சேர்த்துடுங்க. முடிஞ்சது. நான் மூணு வருஷமா இப்படித்தான் வெச்சிருக்கேன்.

பழைய போன் பாஸ்கர்

லோன் கால்தான் உங்கள் தலைவலி என்றால் இவ்வளவு சுற்றத் தேவையில்லை சார். போன் அமைப்புகளில் Silence Unknown Callers என்று ஒன்று இருக்கிறது, அதை ஆன் செய்யுங்கள். காண்டாக்டில் இல்லாத, நீங்கள் சமீபத்தில் கூப்பிட்டிராத நம்பர்கள் அடிக்காது.

இரவுப்பணி மதி

பாஸ்கர் சார், தெரியாத நம்பரை விட தெரிந்தவர்கள்தான் எனக்குப் பிரச்சனை. மாமா, பழைய ரூம்மேட், வீட்டு ஓனர் எல்லாரும் காண்டாக்டில் இருக்கிறார்கள், எல்லாரும் காலை பத்து மணிக்குத்தான் கூப்பிடுவார்கள். அதுவும் போக, அந்த அமைப்பு நாள் முழுக்க இருக்கும். சாயங்காலம் புது நம்பரிலிருந்து டெலிவரி கால் வந்தால் எனக்குத் தெரிய வேண்டும்.

கவின், வாட்ஸாப்பைச் சேர்த்தால் குழு மெசேஜும் சேர்ந்து வராதா?

வாசுகி அம்பத்தூர்

வரும். அதுதான் அந்த வழியில் உள்ள ஓட்டை.

எங்கள் ஆபீஸில் முந்நூறு ஐபோனுக்கு மேல் நான்தான் பார்த்துக்கொள்கிறேன், இந்தக் கேள்வி மாதா மாதம் வரும். ஒன்றை மட்டும் முதலில் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாக விழும். ஃபோகஸில் ஆளுக்கு அனுமதி தருவது வேறு, ஆப்புக்கு அனுமதி தருவது வேறு. Apps-ல் வாட்ஸாப்பைச் சேர்த்தால் அந்த ஆப்பிலிருந்து யார் எது அனுப்பினாலும் சத்தம் வரும், தண்ணி லாரி உட்பட. People-ல் அம்மாவைச் சேர்த்தால், அம்மா எந்த வழியாக வந்தாலும் வருவார். சாதாரண கால், எஸ்எம்எஸ் மட்டுமில்லை, வாட்ஸாப்பும் இதை 2022 தொடக்கத்திலிருந்து ஆதரிக்கிறது. அதாவது Apps பட்டியலில் வாட்ஸாப்பே இல்லாவிட்டாலும் அம்மாவின் வாட்ஸாப் மெசேஜ் மட்டும் தாண்டி வரும். ஒரே நிபந்தனை, அம்மா வாட்ஸாப் வைத்திருக்கும் அதே நம்பர் அந்த காண்டாக்டில் இருக்க வேண்டும். +91 சேர்த்து எழுதி வையுங்கள்.

இப்போது மதிக்கு. Do Not Disturb-ஐத் தொடாதீர்கள், அதை மீட்டிங், சினிமா தியேட்டருக்கு விட்டுவிடுங்கள். Settings > Focus போய் மேலே வலப்பக்கம் உள்ள + தொட்டு Custom எடுத்து, "பகல் தூக்கம்" என்று பெயர் வையுங்கள். தமிழிலேயே வைக்கலாம்.

உள்ளே People. அதில் Allow Notifications From என்பதைத் தேர்ந்தெடுங்கள், Silence Notifications From இல்லை. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், அவசரத்தில் மாற்றித் தொட்டால் அம்மாவை மட்டும் அமைதியாக்கிவிட்டு ஊரையே உள்ளே விட்டுவிடும். Add People-ல் மூன்று பேரையும் சேருங்கள். அதே பக்கத்தில் கீழே Allow Calls From என்று ஒன்று இருக்கும். அதை Allowed People Only என்று வையுங்கள். "மூணு பேரைத்தான் சேர்த்தேன், ஆனா எல்லார் காலும் வருது" என்று என்னிடம் வருபவர்களில் பாதிப் பேருக்கு இந்த இடத்தில் Everyone அல்லது Contacts Only என்று இருக்கும். மேலே உள்ள பட்டியலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது கால்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு கதவு திறப்பது.

Apps-லும் Allow எடுத்து, பட்டியலைக் காலியாக விடுங்கள். அங்கேயே Time Sensitive Notifications என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதை அணையுங்கள். இல்லாவிட்டால் சில ஆப்கள், முக்கியமாக டெலிவரி ஆப்கள், அவசரம் என்று முத்திரை குத்தி அனுப்புவது நுழைந்துவிடும்.

கடைசியாக Add Schedule > Time. 4.30 முதல் 11.30. கிழமையில் கவனம். நீங்கள் திங்கள் முதல் வெள்ளி வேலை செய்தாலும் தூங்குவது செவ்வாய் முதல் சனி வரை. திங்கள் ராத்திரி ஷிப்ட் முடிந்து படுக்கும்போது காலண்டரில் செவ்வாய் ஆகிவிட்டது. வேலை நாளைப் பார்த்து M-லிருந்து F வரை தேர்ந்தெடுத்தால் திங்கள் காலை சும்மா இருக்கும்போது போன் ஊமையாகும், சனிக்கிழமை காலை நீங்கள் செத்துத் தூங்கும்போது லோன்காரர் எழுப்புவார்.

கோவை கவின்

அக்கா, நான் சொன்னதும் வேலை செய்யுதே? எனக்கு கால் சரியாத்தான் வருது.

வாசுகி அம்பத்தூர்

கால் வரை நீங்கள் சொன்னது சரிதான் தம்பி, அதைத் தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் Favorites கதவு கால்களுக்கு மட்டும்தான். அவர்கள் அனுப்பும் மெசேஜுக்கு அது உதவாது, அதற்காகத்தான் நீங்கள் வாட்ஸாப்பை முழுசாகத் திறக்க வேண்டியதாயிற்று. உங்களுக்கு வாட்ஸாப் குழு குறைவாக இருக்கும், அதனால் தெரிந்திருக்காது. இன்னொன்று, Favorites-ல் நாம் வசதிக்காகப் பல பேரை வைப்போம், பால்காரர், கேஸ் ஏஜென்சி, மேனேஜர். அது தூக்கத்துக்கான பட்டியல் இல்லை.

இரவுப்பணி மதி

வாசுகி மேடம், கோடி நன்றி. சனிக்கிழமை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை.

அமைத்துவிட்டு மனைவியை விட்டு கூப்பிடச் சொன்னேன். ஸ்க்ரீனில் பெயர் வருகிறது, ஆனால் சத்தம் இல்லை. வாட்ஸாப்பும் அப்படித்தான், ஸ்க்ரீன் விழிக்கிறது, சத்தம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரை விட்டுக் கூப்பிடச் சொன்னால் எதுவுமே வரவில்லை. ஆள் பிரிப்பது நடக்கிறது என்று தெரிகிறது, மணி ஏன் அடிக்கவில்லை?

வாசுகி அம்பத்தூர்

போனின் இடது பக்கச் சுவிட்சைப் பாருங்கள். ஆரஞ்சு தெரிகிறதா?

இரவுப்பணி மதி

தெரிகிறது. ஆபீஸில் எப்போதும் சைலன்ட்தான்.

வாசுகி அம்பத்தூர்

அதுதான். ஃபோகஸ் ஒரு ஆளை உள்ளே விடும், அவ்வளவுதான் அதன் வேலை. சைலன்ட் சுவிட்ச் அதற்கு மேல் உள்ள அதிகாரி. அனுமதி பெற்றவர் கூப்பிட்டாலும் சைலன்டில் இருந்தால் அதிர்வு மட்டும்தான். மெத்தையில் வைத்த போனின் அதிர்வு யாரையும் எழுப்பாது.

உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, படுக்கும்முன் சைலன்டை எடுத்துவிடுவது. ஃபோகஸ் இருப்பதால் மற்றவர்கள் எப்படியும் அடிக்கப் போவதில்லை. ஆனால் விடிகாலை நாலரைக்குத் தூக்கக் கலக்கத்தில் இதை ஞாபகம் வைத்துச் செய்ய வேண்டும்.

இரண்டாவது வழி அம்மாவுக்கு மட்டும். காண்டாக்டில் அம்மாவைத் திறந்து Edit > Ringtone போனால் மேலேயே Emergency Bypass என்று இருக்கும். அதை ஆன் செய்தால் சைலன்டில் இருந்தாலும், எந்த ஃபோகஸில் இருந்தாலும் அம்மா கால் அடிக்கும். Text Tone-க்கும் தனியாக அதே சுவிட்ச் உண்டு. ஆனால் இதற்கு நேரம் காலம் கிடையாது. ராத்திரி க்ளையன்ட் மீட்டிங்கிலும் அம்மா கூப்பிட்டால் சத்தமாக அடிக்கும். அதனால் உயிர் போகிற அவசரத்துக்கு ஒருவர் அல்லது இருவருக்கு மேல் கொடுக்காதீர்கள். Text Tone-ல் கொடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

ரிங்கர் ஒலி அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். Sounds & Haptics-ல் Change with Buttons ஆன் ஆகியிருந்தால், கேபில் பாட்டு கேட்கும்போது பட்டனை அழுத்திக் குறைத்தது சில சமயம் ரிங்கரையும் குறைத்திருக்கும்.

செல்வி சிஸ்டர்

நானும் இதே கேஸ்தான், கொஞ்சம் வேறு மாதிரி. தனியார் மருத்துவமனையில் ஐசியூ நர்ஸ். ஒரு வாரம் நைட், ஒரு வாரம் காலை டூட்டி, நடுவில் டபுள் டூட்டி வேறு. எனக்கு நிரந்தர நேரமே கிடையாது, Schedule வைத்து என்ன செய்வது? இன்னொரு தொல்லை, வார்டிலிருந்து கூப்பிட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு லேண்ட்லைன் நம்பர் வரும். எதை People-ல் சேர்ப்பது?

பழைய போன் பாஸ்கர்

சிஸ்டர், Schedule-ல் Location வைக்கலாமே. வீட்டு அட்ரஸ் கொடுத்தால் வீட்டுக்குள் வந்ததும் தானாக ஆன் ஆகும்.

செல்வி சிஸ்டர்

வீட்டில் நான் தூங்க மட்டுமா செய்கிறேன் சார்? சமையல் யார் செய்வது? வீட்டில் இருக்கிற நேரம் முழுக்க போன் அடிக்காது என்றால் என் தங்கச்சி சண்டைக்கு வருவாள்.

வாசுகி அம்பத்தூர்

செல்வி, நம்பர் விஷயம் சுலபம். "வார்டு" என்று ஒரே ஒரு காண்டாக்ட் போட்டு, அதற்குள் அந்த லேண்ட்லைன் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சேருங்கள், STD கோடோடு. ஃபோகஸ் ஆளைத்தான் பார்க்கும், அந்த காண்டாக்டுக்குள் எத்தனை நம்பர் இருந்தாலும் அத்தனையும் அனுமதி பெற்றதாகிவிடும். புது நம்பர் ஒன்று வந்தால் Recents-லிருந்தே Add to Existing Contact. மதி, வேன் அண்ணனுக்கும் இதையே செய்யுங்கள், டிரைவர் மாறும்போது உதவியாளர் நம்பரையும் அதே காண்டாக்டில் போட்டுவிடலாம்.

நேரத்துக்கு, Schedule-ஐ விட்டுவிடுங்கள். படுக்கும்போது கன்ட்ரோல் சென்டரில் Focus தொட்டு நீங்களே ஆன் செய்யுங்கள், அது ஒரு தொடுதல்தான். மறப்பது எப்போதும் அணைக்கத்தான். டூட்டிக்குப் போன பிறகும் போன் ஊமையாக இருக்கும், யாராவது கோபித்துக்கொண்ட பிறகுதான் தெரியும். அதற்கு Shortcuts ஆப்பில் Automation போய், புதிதாக ஒன்று போட்டு Alarm என்பதை எடுங்கள். அதில் Is Stopped. Run Immediately தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் கேட்கும். செய்ய வேண்டிய வேலையாக Set Focus எடுத்து, உங்கள் ஃபோகஸை Turn Off என்று வையுங்கள். அலாரத்தை அணைத்ததும் ஃபோகஸும் அணைந்துவிடும். எத்தனை மணிக்கு எழுந்தாலும் சரி.

ஃபோகஸில் அலாரம் அடிக்குமா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். Clock ஆப் அலாரம் அடிக்கும், சைலன்டிலும் அடிக்கும்.

செல்வி சிஸ்டர்

அக்கா, போட்டுவிட்டேன், அலாரம் நிறுத்தியதும் சந்திரன் படம் மறைகிறது. ஸ்னூஸ் அழுத்தினால் மறையவில்லை, அதுவும் நல்லதுதான்.

ஸ்காபரோ தம்பி

வணக்கம், நான் கனடாவில இருந்து. என்ர பிரச்சினை ஆக்கள் இல்லை, நேரம். அம்மா யாழ்ப்பாணத்தில. அவ காலமை பத்து மணிக்குக் கோல் எடுப்பா, எனக்கு அப்ப நடுச்சாமம் பன்னிரண்டரை. அவவோட ஆறுதலாக் கதைக்க எனக்கு வசதி இரவு ஒன்பதிலயிருந்து பதினொன்று. அந்த நேரம் வீட்டாக்கள் மட்டும் வரவேணும், வேலைத்தள ஆக்கள் வேண்டாம். பதினொன்றுக்குப் பிறகு அண்ணா மட்டும் வந்தால் காணும், அவர் அம்மாவோட இருக்கிறவர், அவசரமெண்டால் அவர்தான் எடுப்பார். ஒரே ஃபோகஸுக்குள்ள ஒரு நேரத்துக்கு ஒரு ஆளெண்டு போடலாமோ?

வாசுகி அம்பத்தூர்

போட முடியாது. ஒரு ஃபோகஸுக்கு ஒரே ஆள் பட்டியல்தான். நேரத்தை எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம், ஆட்கள் மாற மாட்டார்கள். ஆகவே இரண்டு ஃபோகஸ் செய்யுங்கள். "வீட்டாக்கள்" 9 முதல் 11 வரை, "இரவு" 11 முதல் காலை 7 வரை. ஒரு சமயத்தில் ஒரு ஃபோகஸ்தான் இயங்கும், அதனால் நேரங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் முடிகிற இடத்தில் அடுத்தது தொடங்கட்டும்.

கனடாவில் உங்களுக்கு இன்னொரு விஷயம் இருக்கிறது. Schedule போன் காட்டும் உள்ளூர் நேரப்படிதான் ஓடும். நவம்பரில் உங்கள் கடிகாரம் ஒரு மணி பின்னால் போகும், இலங்கையில் மாறாது. ஒன்பதரை மணி வித்தியாசம் பத்தரை ஆகும். அம்மா அதே காலை பத்துக்கு எடுத்தால் உங்களுக்கு 11.30. இரண்டும் "இரவு" ஃபோகஸுக்குள்தான் விழுகிறது, ஆனால் அம்மா அரை மணி முன்னதாக, அங்கே காலை ஒன்பதரைக்கு எடுத்தால் குளிர்காலத்தில் அது சரியாக 11-க்கு வந்து நிற்கும். அந்த மாதங்களுக்கு எல்லையை 11.30-க்குத் தள்ளுவதா என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஸ்காபரோ தம்பி

நன்றி அக்கா. அம்மாட்டைச் சொல்லி ஒன்பது மணிக்கே எடுக்கச் சொல்லுறது சுகமெண்டு நினைக்கிறன், ஆனா அவ கோயிலால வந்துதான் எடுப்பா. இன்னொண்டு, அண்ணா வேற ஆற்றையும் போனில இருந்து எடுத்தால்? அங்க கரண்ட் போனால் அவற்றை போனில சார்ஜ் இருக்காது.

கோவை கவின்

இதுக்கு எனக்குத் தெரியும். Allow Repeated Calls ஆன் பண்ணுங்க. ஒரே நம்பர்ல இருந்து மூணு நிமிஷத்துக்குள்ள ரெண்டாவது தடவை கால் வந்தா அடிக்கும், காண்டாக்ட்ல இல்லாட்டியும் சரி. வீட்ல எல்லாருக்கும் "அவசரம்னா ரெண்டு தடவை கூப்பிடு"ன்னு சொல்லி வெச்சா போதும்.

வாசுகி அம்பத்தூர்

கவின் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

இரவுப்பணி மதி

ஆனால் லோன்காரர்களும் எடுக்காவிட்டால் உடனே மறுபடி அடிக்கிறார்களே?

வாசுகி அம்பத்தூர்

அடிப்பார்கள். 140-ல் தொடங்கும் விளம்பரக் கால்கள் பெரும்பாலும் அடுத்த தடவை வேறு நம்பரிலிருந்து வரும், அதனால் நுழையாது. வசூல் ஏஜென்ட்கள் சொந்த மொபைலிலிருந்து விடாமல் அடிப்பார்கள், அவர்கள் நுழைவார்கள். வீட்டில் நோயாளி இருப்பதால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஆன் செய்துதான் வைத்திருப்பேன். அம்மா பதற்றத்தில் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கூப்பிடுவார், ஆம்புலன்ஸ்காரர் அவர் போனிலிருந்து கூப்பிடுவார், அந்த நம்பர்களை முன்கூட்டி எப்படிச் சேர்ப்பீர்கள்? அப்படி நுழையும் ஏஜென்ட் நம்பரை ஒருமுறை பிளாக் செய்துவிடுங்கள்.

செல்வி சிஸ்டர்

நான் இதில் உடன்பட மாட்டேன் அக்கா. நைட் முடித்துத் தூங்கும்போது ஒரே ஒரு கால் எழுப்பினாலும் அதன்பிறகு தூக்கம் வராது. எங்கள் சூப்பர்வைசர் ஆள் பற்றாக்குறை என்றால் அவர் மொபைலிலிருந்து வரிசையாக எல்லாரையும் இரண்டு இரண்டு தடவை அடிப்பார். நான் அணைத்துத்தான் வைத்திருக்கிறேன், வீட்டில் மூன்று பேருக்கும் பக்கத்து வீட்டு மாமிக்கும் அனுமதி கொடுத்திருக்கிறேன். அது போதும்.

வாசுகி அம்பத்தூர்

அது அவரவர் வீட்டு நிலைமை. உங்களுக்கு அது பொருந்தும்.

ராம்நாடு ராஜா

நான் கொஞ்சம் தாமதமாக வருகிறேன். வாசுகி சொன்ன People முறையில்தான் நானும் வைத்திருக்கிறேன், ஆனால் எனக்கு ஒரு கோளாறு. அம்மா எனக்குத் தனியாக அனுப்புவது வருகிறது, சரி. "சொந்தங்கள்" குழுவில் அவர் போடும் காலை வணக்கம் ரோஜாப்பூவும் சேர்ந்து அடிக்கிறது. அதே குழுவில் சித்தப்பா போடுவது அடிப்பதில்லை.

இரவுப்பணி மதி

எனக்கு அப்படி வரவில்லையே. அம்மாவும் நானும் இருக்கும் குழு மூன்று இருக்கின்றன, எதுவும் சத்தம் போடவில்லை.

வாசுகி அம்பத்தூர்

மதி, அந்தக் குழுக்களை நீங்கள் வாட்ஸாப்பிலேயே மியூட் செய்திருப்பீர்கள், பாருங்கள்.

இரவுப்பணி மதி

ஆமாம், எல்லாமே Always மியூட்.

வாசுகி அம்பத்தூர்

அப்படியானால் அது சோதனை ஆகாது. ராஜா சொல்வதில் நியாயம் இருக்கிறது, அறிவிப்பில் அனுப்பியவர் பெயர்தான் ஐபோனுக்குப் போகிறது, அவர் அனுமதி பெற்றவர் என்றால் குழுவாக இருந்தாலும் விடும். எங்கள் ஆபீஸில் ஒருவருக்கு இதே மாதிரி நடந்தது, இன்னொருவருக்கு நடக்கவில்லை, இருவரும் ஒரே மாடல். ராஜா, குழுவை மியூட் செய்யுங்கள், அம்மாவின் தனி மெசேஜுக்கு அது தடை இல்லை.

ராம்நாடு ராஜா

மியூட் செய்தால் அம்மா "என் மெசேஜ் பார்க்கவே மாட்டேங்குற" என்பார். பார்க்கலாம்.

கோவை கவின்

எனக்கு ஒரு மர்மம் இருக்கு அக்கா. நான் ஆன் பண்ணாமலே சில சமயம் ஒர்க் ஃபோகஸ் ஆன் ஆகியிருக்கு. Schedule எதுவும் இல்ல. நேத்து சாயந்தரம் மாமனார் கால் அடிக்கவே இல்ல, வீட்ல ரணகளம்.

வாசுகி அம்பத்தூர்

இரண்டு இடம் பாருங்கள். Settings > Focus பக்கத்தின் கீழே Share Across Devices. அது ஆன் என்றால், அதே ஆப்பிள் கணக்கில் உள்ள ஐபேடிலோ மேக்கிலோ யாராவது ஃபோகஸ் போட்டால் உங்கள் போனிலும் போட்டுவிடும். இரண்டாவது, லாக் ஸ்க்ரீனை அழுத்திப் பிடித்து வரும் வால்பேப்பர்களில் கீழே Focus என்று பெயர் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். ஒட்டியிருந்தால், அந்த வால்பேப்பருக்கு மாறினாலே அந்த ஃபோகஸ் ஆன் ஆகும், வேறு படத்துக்கு மாறினால் ஆஃப் ஆகும்.

கோவை கவின்

அட! பாப்பா படம் மாத்தி மாத்தி விளையாடும். யானை படத்துல Work-னு இருக்கு.

வாசுகி அம்பத்தூர்

அந்தப் பெயரைத் தொட்டு, டிக்கை எடுத்துவிடுங்கள். மதி, நீங்களும் இதைப் பாருங்கள். பையன் காலையில் படத்தை மாற்றினால் பகல் தூக்கம் அதோடு போயிற்று, Schedule சரியாக இருந்தும் அடுத்த நாள் 4.30 வரை திரும்ப ஆன் ஆகாது.

பழைய போன் பாஸ்கர்

என்னிடம் ஐபோன் 6 தான் இருக்கிறது. Settings-ல் Focus என்பதே இல்லை.

வாசுகி அம்பத்தூர்

ஃபோகஸ் iOS 15-ல், 2021-ல் வந்தது. ஐபோன் 6 அதுவரை போகாது, iOS 12-ல் நின்றுவிட்டது. அதில் Do Not Disturb மட்டும்தான், Favorites-க்குக் கால் விடலாம், நேரம் வைக்கலாம், ஆள்வாரியாக மெசேஜ் பிரிக்க வழி இல்லை. 6s-லிருந்து மேலே என்றால் iOS 15 ஏறும்.

இரவுப்பணி மதி

சைலன்டை எடுத்துவிட்டு மறுபடி சோதித்தேன், மனைவி கால் அடிக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் கால் அடிக்கவில்லை. அவர் இரண்டாவது தடவை கூப்பிட்டதும் அடித்தது. ஒரே ஒரு சந்தேகம், முதல் தடவை அவருக்கு அந்தப் பக்கம் என்ன கேட்டது என்று கேட்டால் "பிஸி மாதிரி இருந்தது" என்கிறார், மனைவியின் தோழியோ "ரிங் போய்க்கொண்டே இருந்தது" என்கிறார்.

ராம்நாடு ராஜா

எனக்கும் ஆளாளுக்கு வேறு வேறு சொல்கிறார்கள். நெட்வொர்க்கைப் பொறுத்ததோ?

கோவை கவின்

என் மாமனாருக்கு ரிங் போயிருக்கு, அதனாலதான் கோபம். பிஸின்னு வந்திருந்தா தப்பிச்சிருப்பேன்.